அப்பிடித்தானுங்களே ஐயா?

1

ஞாபகசக்தியைப் பரிசோதிக்க வரும்படி இங்குள்ள வைத்தியசாலையிலிருந்து போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு யாருக்கோ வரவேண்டியது தவறி வந்துவிட்டதோ என்று முகவரியை இரண்டு முறை பார்த்தேன். எனக்குத்தான். விண்ணப்பித்ததும் நானேதான். விண்ணப்பித்ததைத்தான் மறந்துபோயிருந்தேன்.

மலையகத்தில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்த இங்கிலாந்தில் வைத்தியசாலைக் கடிதம் வந்து சேர்வதற்குள் கால் முறிந்தவர் பந்து விளையாடத் தொடங்கிவிடுவார். என் ஞாபகம் முறிந்ததும் பின்பு ஒட்டிக்கொண்டதும் அந்தக் காத்திருப்புக்குள் நடந்து முடிந்த கதை. அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை கொழுந்து பறித்தேன். முடிவு வந்த பிறகும் கொழுந்துதான் பறித்தேன். பிறகு கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே, டிக்கோயாவைப் போலவே எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்துக்கு வந்தேன். மழை மட்டும் பழக்கமானது. மற்றதெல்லாம் புதிது.

இங்கே பெரிய ஹோட்டல் ஒன்றில் துணி அறை என் பொறுப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், கல்யாண மண்டப மேசை விரிப்பு எல்லாம் என் அலுமாரிகளில்தான் இருக்கும். அழுக்குத் துணிகளைச் சக்கரக் கூண்டுகளில் நிரப்பி, காலையில் வரும் சலவை லொறியில் ஏற்ற வேண்டும். முந்தி அனுப்பியவற்றை எண்ணி இறக்க வேண்டும். கறை பட்டதைத் தனிப் பையில் கட்ட வேண்டும். என்னோடு சிம்பாப்வேயிலிருந்து வந்த பியூட்டியும் ருமேனியாவிலிருந்து வந்த அனாவும் வேலை செய்கிறார்கள். எங்கள் மூவருக்கும் மேலாளர் கிரகாம்.

கிரகாம் கெட்டவர்போலத் தோன்றமாட்டார். பிறந்த நாளுக்கு அட்டை தருவார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கத்தமாட்டார். நம் ஊர் அதிகாரிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கத்தாத அதிகாரி என்றால் நல்ல அதிகாரி என்ற நினைப்பு.

3

முதல் சம்பவம் ஒரு கல்யாணத்துக்கு முந்திய புதன்கிழமை. நான் தாழ்வாரத்தில் கூண்டு தள்ளிக்கொண்டு போகிறேன். கிரகாம் எதிரே வந்தார். நிற்கவில்லை. என்னைக் கடந்தபடியே, தந்த நிற மேசை விரிப்புகளை இந்த வாரம் லொறிக்கு அனுப்ப வேண்டாம், உள்ளே இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்றார். நான் தலையாட்டினேன். அனுப்பவில்லை.

சனிக்கிழமை விரிப்பு போதவில்லை. பாதி மேசைகளுக்குத் தந்த நிறம், பாதிக்கு வெள்ளை. மணமகளின் தாயார் மண்டப வாசலில் நின்று அழுதார். கிரகாம் துணி அறைக்கு வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

"மல்லிகா, ஏன் அனுப்பவில்லை?"

"நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்."

அவர் கோபப்படவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. கட்டாயம் அனுப்பு என்றேன். நீயும் 'இரண்டு கூண்டு அனுப்புகிறேன்' என்றாய். ஞாபகமில்லையா?"

கவனியுங்கள். தான் சொன்னதை மறுத்ததோடு நிற்கவில்லை. நான் சொல்லாத ஒன்றை என் வாயில் வைத்தார். அதுவும் கூண்டின் எண்ணிக்கையோடு. எண்ணிக்கை வந்துவிட்டால் உண்மைபோல ஆகிவிடுகிறது. ஒருவேளை சொன்னேனோ என்று எனக்கே தோன்றியது.

அடுத்ததாக, என் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டார். நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம் அல்லவா? இங்கே அது மாட்டேன் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று. "உன் தலை ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது. பரவாயில்லை, இங்கிலிஷ் உனக்கு இரண்டாவது மொழிதானே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

4

பிறகு தலையணை உறை. பிறகு துவாய். பிறகு குழந்தைக் கட்டில் விரிப்பு. ஒவ்வொன்றும் ஒரே அச்சு. தாழ்வாரத்திலோ மின்தூக்கியிலோ, நடந்தபடி, நான் தனியாக இருக்கும்போது சொல்வார். சரியாகப் போனால் அது அவருடைய யோசனை. பிசகினால் அப்படி ஒரு பேச்சே நடந்ததில்லை.

நான் பதினாறு வயதிலிருந்து டயரி எழுதுகிறவள். அவர் சொன்னதைச் சொன்ன உடனே குறித்து வைத்தேன். குறித்ததைக் காட்டினேன். "இது நீ எழுதியது, மல்லிகா. நான் சொன்னது அல்ல" என்றார். நியாயம்தான். அதோடு அது தமிழில் இருந்தது. தமிழில் எழுதிய சாட்சியை அந்தக் கட்டடத்தில் எந்த மேசையில் வைக்க முடியும்?

சரி, மின்னஞ்சல் அனுப்புவோம் என்று, "நீங்கள் இன்று காலை சொன்னபடி" என்று தொடங்கி நாலு வரி எழுதினேன். பதில் வரவில்லை. நேரில் வந்து, நாமெல்லாம் ஒரு குடும்பம், நமக்குள் மின்னஞ்சல் எதற்கு என்று சிரித்தார். பின்னர் பிசகியபோது அந்த மின்னஞ்சலைத் தான் திறக்கவே இல்லை என்றார்.

முன்கூட்டியே கேட்டுவிடுவோம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் போய் நின்றேன். இத்தனை வருடம் வேலை செய்தும் சின்ன விஷயத்தைக்கூட உன்னால் தீர்மானிக்க முடியாதா என்றார். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம்.

இடையிடையே ஒன்று செய்வார். அதுதான் என்னை முழுதாகக் கவிழ்த்தது. போன வருடம் என் மகளுக்கு எந்தக் கிழமை பரீட்சை இருந்தது, நான் எந்த நிறச் சேலை கட்டி விருந்துக்கு வந்தேன் என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்வார். இவ்வளவு ஞாபகம் உள்ள மனிதர் விரிப்பை மட்டும் எப்படி மறப்பார்? அப்படியானால் மறந்தது நான்தான். என் கணக்கு அப்படிப் போயிற்று.

5

அவர் பொய்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்லமாட்டேன். மேலிடம் சலவைச் செலவைக் குறைக்கச் சொல்லி அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. அதே மேலிடம் விருந்தாளிகளிடமிருந்து முறைப்பாடு வரக்கூடாது என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றாக நடக்காது. லொறியை நிறுத்தினால் செலவு குறையும், முறைப்பாடு வரும். ஆகவே லொறியை நிறுத்தும் உத்தரவு வாயால் வர வேண்டும், முறைப்பாடு வந்ததும் காற்றில் போக வேண்டும். உத்தரவு காற்றில் போனால் பழி வந்து உட்கார ஓர் ஆள் வேண்டும். இங்கிலிஷ் இரண்டாவது மொழியாக இருக்கும் ஆள் அதற்கு வசதி.

விஷயம் ஊழியர் விவகாரம் பார்க்கும் பணிப்பிரிவு அலுவலகம் வரை போயிற்று. என் கோப்பில் "மறதி குறித்த கவலை" என்று ஒரு குறிப்பு ஏறியது. இன்னொரு முறை நடந்தால் பொறுப்பை எடுத்துவிட்டு என்னை வேறு பிரிவுக்கு அனுப்புவார்களாம். அந்தக் கூட்டத்தில் கிரகாம் எனக்காகப் பரிந்து பேசினார். மல்லிகாவைப் போல நேர்மையானவர் இல்லை, ஆனால் அவர் உடல்நலத்தைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். நன்றி சொன்னதையும் அன்றைய டயரியில் எழுதியிருக்கிறேன்.

வேலை போவதைவிட ஞாபகம் போவதுதான் பெரிய பயம். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. மறுநாளும் திரும்பி வந்தேன். டயரியில் முந்தைய பக்கங்களைப் படிக்கும்போது, நடந்ததை எழுதினேனா, நடந்திருக்க வேண்டும் என்று விரும்பியதை எழுதினேனா என்ற சந்தேகம் வந்தது.

என் மகள் நிவேதாவிடம் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்வாள். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "அம்மா, அவர் ஏன் பொய் சொல்லப்போகிறார்? சில வேளை நீங்கள் மறந்திருப்பீர்கள்" என்றாள். அன்று இரவே இணையத்தில் அந்த ஞாபகப் பரிசோதனைப் படிவத்தை அவளே நிரப்பிக் கொடுத்தாள்; அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினேன். நல்ல மனத்தோடுதான் செய்தாள். ஆனாலும் எனக்கு வலித்தது. கிரகாமின் இங்கிலிஷும் அவளுடைய இங்கிலிஷும் ஒன்று. என்னுடையது வேறு.

6

ஊரில் இருக்கும் என் அக்கா செல்வியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவேன். அவளும் கொழுந்து பறித்தவள். இப்போது டிக்கோயாவில் மகன் வீட்டில் இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளை அதட்டுவதை முழுநேர வேலையாகச் செய்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். தொலைபேசி அதிரச் சிரித்தாள்.

"அடியே, இது நம்ம 'சொல்லலையே ஐயா' இல்லையா! செத்தவரு வெள்ளக்காரனாப் பொறந்துட்டாரா?"

எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பதினோராம் நம்பர் மலை முழுதும் கண் முன்னால் வந்தது. பனி, இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரப் படங்கு, அட்டைக்கடிக்குப் பூசிய சவர்க்கார வாசனை எல்லாம்.

அவர் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரிப்பவர். தொழிற்சாலைக்கு நிறை குறைந்த வாரங்களில் எங்கள் பக்கம் வந்து, முத்தல் இலை கலந்தாலும் பரவாயில்லை, கூடை நிறையட்டும் என்பார். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை வந்து கூடைக்குள் கையை விட்டு முத்தலை அள்ளினால், கண்டாக்கு ஐயா எங்கள் பக்கம் திரும்பி, "யாரு முத்தல் பறிக்கச் சொன்னது? நான் சொல்லலையே" என்பார். நிறையில் வெட்டு விழும். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள். சொன்னாரா, சொல்லலையா?

"வெள்ளையம்மா என்னா செஞ்சா, ஞாபகம் இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"பெரட்டுல திருப்பிச் சொன்னா."

"எப்பிடிச் சொன்னா?"

நான் சொல்லிக் காட்டினேன். வெள்ளையம்மா எங்கள் குழுவில் வாய் பெரியவள். ஒரு நாள் பெரட்டில் அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டு நகர்ந்ததும், களம் முழுக்கக் கேட்கும்படி, கோயிலில் ஏலம் போடுகிற குரலில் பாடினாள்: "முத்தல் கலந்தாலும் பரவாயில்ல, கூடை நெறையணும்னு ஐயா சொல்றாங்க! அப்பிடித்தானுங்களே ஐயா?" பக்கத்தில் நின்ற எல்லோரும் சேர்ந்து, "அப்பிடித்தானுங்களே ஐயா?" என்றோம். கங்காணிமார், கணக்கப்பிள்ளை, தேயிலைக்கு மருந்தடிக்கப் போகிற ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்றிலிருந்து அவர் "நல்லா வெயில் அடிக்குது" என்றால்கூட நாங்கள் திருப்பிச் சொல்லி, அப்பிடித்தானுங்களே என்போம். பின்னேரம் மடுவத்தில் அவர் வாய் திறக்கும் முன்பே பத்துப் பெண்கள் காலையில் பாடியதைப் பாடத் தொடங்கிவிடுவோம். கொஞ்ச நாளில் சொல்லலையே ஐயா சொல்வதையே குறைத்துக்கொண்டார்.

"எந்த மலையில அது?" என்றாள் அக்கா.

"பதினொண்ணு. ஆத்தோரம்."

"ஆமா, பதினொண்ணுதான். ஒனக்கா ஞாபகம் போச்சு? போடி."

தொலைபேசியை வைத்த பிறகும் வெகுநேரம் அந்தப் "போடி"யைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வைத்தியசாலையும் அதைவிட நல்ல சான்றிதழ் தந்திருக்காது. என் மண்டையில் உள்ளதுதான் இன்னொரு மண்டையிலும் இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது எழுத்து அல்ல. காது. ஒன்றுக்கு மேற்பட்ட காது.

7

அடுத்த கிழமையே வாய்ப்பு வந்தது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகப் பார்த்த கிரகாம், மாநாட்டு வாரத்துக்குக் குளியல் துவாய் கூடுதலாகக் கேட்க வேண்டாம், இருப்பதை ஓட்டு என்றார். நான் தலையாட்டவில்லை. அவருக்கு முன்னாலேயே துணி அறைக் கதவைத் தள்ளித் திறந்து, வெள்ளையம்மாவை நினைத்துக்கொண்டு குரல் எடுத்தேன்.

"மாநாட்டு வாரத்துக்குக் குளியல் துவாய் கூடுதலாகக் கேட்க வேண்டாம், இருப்பதை ஓட்டச் சொல்கிறார் கிரகாம்! அப்படித்தானே, கிரகாம்?"

பியூட்டி மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். நான் வெள்ளையம்மா கதையை முதல் நாளே அவர்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தேன். பியூட்டி தேவாலயத்தில் பாடுகிறவள். "அப்படித்தானே, கிரகாம்?" என்பதை மூன்று சுருதியில் இழுத்தாள். அனா மேசையில் தாளம் போட்டாள். கிரகாம் சிரித்துவிட்டு, "ஆமாம், ஆமாம், வேலையைப் பாருங்கள்" என்றார்.

அதன் பின் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. என்னைத் தனியாகப் பிடித்து எதையாவது சொன்னால், "பெரட்டுக்கு வாங்க" என்று அவரை அறைக்குள் கூட்டி வந்துவிடுவேன். அணிவகுப்புக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த 'பரேட்' என்ற சொல்லை நாம் வாங்கி, நம் வாய்க்கு ஏற்றபடி தேய்த்துப் பெரட்டு ஆக்கினோம். இப்போது அதை நான் அவர்கள் ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். சுங்கத்தில் யாரும் நிறுத்தவில்லை. அனாவும் பியூட்டியும் அந்தச் சொல்லை நன்றாகவே உச்சரிக்கிறார்கள். "அப்பிடித்தானுங்களே ஐயா" என்பதையும் கற்றுக்கொண்டார்கள். அது ஏதோ இலங்கையில் வேலை செய்யும்போது பாடும் பாட்டு என்று கிரகாம் நினைத்தார். இடையில் தாளம்கூடப் போட்டார், பாவம்.

8

மாநாட்டு வாரத்தில் துவாய் தீர்ந்தது. ஈர உடம்போடு வரவேற்பறைக்குத் தொலைபேசி எடுத்த விருந்தாளிகளின் தொகை கூடக்கூட, ஹோட்டலின் பொது முகாமையாளர் அம்மா தானே கீழே இறங்கி வந்தார். பின்னாலேயே கிரகாம். அவருடைய தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

"கூடுதல் துவாய் கேட்கும்படி மல்லிகாவிடம் தெளிவாகச் சொன்னேன்," என்றார். "கூண்டு ஒன்று அதிகம் கேட்பதாக அவளும் சொன்னாள். என்ன செய்வது, பாவம், அவளுடைய பிரச்சினை உங்களுக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் ஒரு கணம் நான் சந்தேகப்பட்டேன். கூண்டு ஒன்று என்று எண்ணிக்கையோடு சொன்னதும் மனத்துக்குள் தேடத் தொடங்கினேன். சொன்னேனோ?

பியூட்டி எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. தலையணை உறைகளை மடித்தபடியே, முணுமுணுக்கும் குரலில் பாடத் தொடங்கினாள். "மாநாட்டு வாரத்துக்குக் குளியல் துவாய் கூடுதலாகக் கேட்க வேண்டாம்…" அனா சேர்ந்துகொண்டாள். "இருப்பதை ஓட்டச் சொல்கிறார் கிரகாம்." மூன்றாவது அடியை நானும் சேர்ந்து பாடினேன்.

முகாமையாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "அதற்கு இவர் என்ன சொன்னார்?"

அனா கிரகாமின் குரலிலேயே, கிரகாமின் சிரிப்போடு, "ஆமாம், ஆமாம், வேலையைப் பாருங்கள்" என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து, யாரும் கேட்காமலே, "அப்பிடித்தானுங்களே ஐயா?" என்று முடித்து வைத்தார்கள். அது இல்லாமல் அவர்களுக்குப் பாட்டு முடியாது.

முகாமையாளர் அம்மா கிரகாமைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். இருவரும் மேலே போனார்கள். என் கோப்பிலிருந்த குறிப்பை எடுத்துவிட்டதாகப் பணிப்பிரிவு பின்னர் அறிவித்தது. இப்போது உத்தரவுகள் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் வருகின்றன. கீழே கிரகாம் தன் பெயரை எழுத வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தில் அவர் என் கூண்டைப் பிடித்து நிறுத்தினார். "நான் அதைச் சொன்னதாக எனக்கு உண்மையாகவே ஞாபகமில்லை, மல்லிகா." பல மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அவர் கழுத்துக்கு மேல் இருந்தது. ஒரு தலையணை உறை மடிக்கிற நேரம் அவருக்காக இரக்கப்பட்டேன். பிறகு என் தலையைச் சற்றுச் சாய்த்து, காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்து, "நன்றாகத் தூங்குகிறீர்களா, கிரகாம்?" என்று கேட்டேன்.

9

இப்போது அந்தக் கடிதம். பரிசோதனைக்கு வரவேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். வரிசையில் காத்திருந்து, இசை கேட்டு, மறுபடி காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் கிடைத்தார். எனக்கு இனி அது தேவையில்லை என்றேன். ரத்துச் செய்துவிட்டேன், நீங்கள் வரவேண்டாம் என்றார்.

பழக்கதோஷம். ஒலிபெருக்கியைப் போட்டு உரக்கத் திருப்பிச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமைப் பரிசோதனை ரத்து. நான் வரவேண்டாம். அப்படித்தானே?"

படிக்கட்டில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நிவேதா தலையை நிமிர்த்தாமல், "அப்பிடித்தானுங்களே ஐயா?" என்றாள். துணி அறைக் கதையை நான் வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான தமிழ் வாக்கியம் அதுதான்.

"ஆமாம் அம்மா, அப்படித்தான்" என்றார் அந்தப் பெண்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் எடுத்தேன். வேறொரு பெண், மிகக் கனிவான குரல். நான் வருவதாக இருந்தேனாம், ஏன் வரவில்லை? ரத்துச் செய்தார்களே என்றேன். அப்படி எதுவும் பதிவாகவில்லையே, வெள்ளிக்கிழமை நீங்கள் வருவதாக உறுதி சொன்னதாகத்தான் இங்கே இருக்கிறது என்றார். "கவலைப்படாதீர்கள். மறதி என்றுதானே வருகிறீர்கள்?"

வருவதாகச் சொன்னேனோ? நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா அப்படிச் சொல்லவில்லை," என்றாள், அவர்களுடைய அதே இங்கிலிஷில். "நான் படிக்கட்டில் இருந்தேன். கேட்டேன்."